மின் ஸ்கூட்டர் விளம்பரத்தில் மாதச் செலவுக் கணக்கு: பெட்ரோல் ஸ்கூட்டருடன் நேர்மையாக ஒப்பிட்டு எழுதும் முறை

ஷோரூம்களுக்கு நோட்டீஸும் ஃபிளெக்ஸும் எழுதித் தருபவர்களுக்கும், சொந்த ஷோரூமுக்குத் தாங்களே எழுதிக்கொள்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி. எடுத்துக்காட்டு முழுவதும் தமிழ்நாட்டு வீட்டு மின் இணைப்பை வைத்தே போடப்பட்டிருக்கிறது. 3 யூனிட் அளவுள்ள பேட்டரி கொண்ட ஒரு மின் ஸ்கூட்டரையும் 110 சிசி பெட்ரோல் ஸ்கூட்டரையும் ஒப்பிடுகிறோம்.

நான் முதன்முதலில் எழுதிய நோட்டீஸில் "மாதம் நூறு ரூபாய் போதும்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். நான்கு மாதம் கழித்து ஒருவர் மின் கட்டண ரசீதுகள் இரண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஷோரூமுக்கு வந்தார். வண்டி வாங்குவதற்கு முன் வந்த ரசீதையும் பின் வந்த ரசீதையும் மேசையில் அருகருகே வைத்து, "இதில் உங்கள் நூறு ரூபாய் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றார். இரண்டுக்கும் இடையே அறுநூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. அவர் கேட்டதில் தவறில்லை. தவறு என் கணக்கில் இருந்தது, அது எந்த இடத்தில் என்பதை நான்காம் பகுதியில் விளக்குகிறேன்.

1. எழுதத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வாசகங்களை யோசிக்கும் முன் எண்களைச் சேர்க்க வேண்டும். வாசகம் முதலில் பிறந்துவிட்டால், அதற்கு ஏற்ற எண்ணைத் தேடும் வேலைதான் பிறகு நடக்கும். புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான்.

தேவையானவை அதிகமில்லை. ஷோரூமில் சோதனை ஓட்டத்துக்கு வைத்திருக்கும் மின் ஸ்கூட்டர் ஒன்று; அதே ஊரில் தினமும் ஓடும், இரண்டு மூன்று வருடப் பழக்கமுள்ள பெட்ரோல் ஸ்கூட்டர் ஒன்று; சுவர் பிளக்குக்கும் சார்ஜருக்கும் நடுவே செருகும் சிறிய யூனிட் மீட்டர் ஒன்று; வாடிக்கையாளர்கள் சிலருடைய வீட்டு மின் கட்டண ரசீதுகள்; இரண்டு வகை வண்டிகளுக்கும் உண்மையில் போடப்பட்ட சர்வீஸ் பில்கள். யூனிட் மீட்டர் எலக்ட்ரிகல் கடைகளிலேயே கிடைக்கும். சார்ஜர் இழுக்கும் மின்சாரத்தைத் தாங்கும் திறன் அதற்கு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.

2. முதலில் ஓட்டத் தூரத்தை முடிவு செய்ய வேண்டும்

மாதச் செலவு என்பது தூரத்தைச் சொல்லாமல் பொருள்படாத எண். "மாதம் இவ்வளவு" என்று எழுதிவிட்டு, எத்தனை கிலோமீட்டருக்கு என்று சொல்லாமல் விடும் விளம்பரத்தைப் படிப்பவர் எதனோடும் ஒப்பிட முடியாது.

நான் நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர், மாதத்தில் 25 நாள், ஆக 750 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்கிறேன். பக்கத்து ஊரிலிருந்து நகரத்துக்கு வேலைக்கு வந்து போகிறவர்களின் ஓட்டம் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கிறது. உங்கள் ஷோரூமுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடைக்கும் பள்ளிக்கும் மட்டுமே வண்டி எடுப்பவர்கள் என்றால், 10 கிலோமீட்டரை முதன்மைக் கணக்காக வைப்பதுதான் முறை. பெரிய தூரத்தைத் தேர்ந்தெடுத்தால் மிச்சமும் பெரிதாகத் தெரியும் என்பதற்காக 60 கிலோமீட்டரை வைப்பவர்கள் உண்டு. கணக்கு சரியாகவே இருந்தாலும் படிப்பவருக்கு அது தன்னுடைய கணக்காக இருக்காது.

3. இரண்டு வண்டிகளையும் ஒரே முறையில் அளக்க வேண்டும்

மின் ஸ்கூட்டரின் விவரத்தாளில் ஐ.டி.சி. ரேஞ்ச் என்று ஓர் எண் இருக்கும். அது சோதனைக்கூடத்தில், வகுக்கப்பட்ட ஓர் ஓட்டமுறையில் சான்றளிக்கப்படும் தூரம். ஆள் இருவர் ஏறி, மேம்பாலம் ஏறி, சிக்னலில் நின்று போகும் தெருவில் அந்தத் தூரம் கிடைப்பதில்லை. மின் ஸ்கூட்டருக்கு இந்த எண்ணையும், பெட்ரோல் ஸ்கூட்டருக்குத் தெருவில் கிடைக்கும் மைலேஜையும் வைத்து ஒப்பிடுவதுதான் இத்தகைய விளம்பரங்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை. ஒன்று கூடத்து எண், மற்றொன்று தெரு எண். இரண்டும் தெரு எண்ணாகவே இருக்க வேண்டும்.

பெட்ரோல் ஸ்கூட்டரை அளக்க, ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே குழாயில், குழாய் தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில நாள் வழக்கம்போல் ஓட்டிவிட்டு, அதே குழாயில் மறுபடி அதே அளவுக்கு நிரப்ப வேண்டும். இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்தால் மைலேஜ் கிடைக்கும். ஒரு முறை அளந்ததை நம்ப வேண்டாம். மூன்று முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். எங்கள் அளவில் ஒரு முறை 268 கிலோமீட்டருக்கு 5.95 லிட்டர் பிடித்தது. அதாவது லிட்டருக்கு 45 கிலோமீட்டர். மூன்று முறையின் சராசரியும் அதை ஒட்டியே வந்தது.

மின் ஸ்கூட்டருக்கும் இதே முறைதான். முழு சார்ஜ் ஏற்றிய பின் ஓடோமீட்டரைக் குறித்து, இரண்டு மூன்று நாள் ஓட்டிவிட்டு, யூனிட் மீட்டர் வழியாக மறுபடி முழுமையாக ஏற்ற வேண்டும். ஏற்றி முடிந்ததும் மீட்டரில் தெரியும் யூனிட்தான் நமக்கு வேண்டிய எண். வண்டியின் திரையில் தெரியும் எண்ணையோ பேட்டரியின் அளவையோ எடுத்துக்கொள்ளக் கூடாது. மின் கட்டணம் பேட்டரிக்குள் போன மின்சாரத்துக்குப் போடப்படுவதில்லை, சுவரிலிருந்து எடுத்த மின்சாரத்துக்குத்தான் போடப்படுகிறது. சார்ஜர் கையைச் சுடும் அளவுக்குச் சூடாவதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, ஒரு பகுதி வெப்பமாகவே போகிறது என்பது விளங்கும். பொதுவாக இந்த இழப்பு பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை இருக்கும்.

எங்கள் அளவில் 88 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்குச் சுவரிலிருந்து 3.1 யூனிட் தேவைப்பட்டது. கிலோமீட்டருக்கு 0.035 யூனிட். பின்னால் ஆள் ஏற்றி ஓட்டியபோது இது சற்றுக் கூடியது. ஆகையால் சோதனையைத் தனி ஆள் ஓட்டத்தில் மட்டும் செய்திருந்தால், பெட்ரோல் சோதனையையும் அப்படியே செய்ய வேண்டும்.

4. யூனிட் விலையை எங்கிருந்து எடுப்பது

இந்த வழிகாட்டியில் பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். பெட்ரோலுக்கு ஒரு விலை. பங்குக்கு வெளியே பலகையில் எழுதியிருக்கும். வீட்டு மின்சாரத்துக்கு அப்படி ஒரே விலை இல்லை.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்குக் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 2024 ஜூலை கட்டண அட்டவணைப்படி முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 401 முதல் 500 வரையிலான யூனிட்டுகள் ஆறரை ரூபாயை ஒட்டியும், 500-ஐத் தாண்டிய முதல் நூறு யூனிட்டுகள் எட்டரை ரூபாயை ஒட்டியும் வருகின்றன.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கும். முதலாவது, "நூறு யூனிட் இலவசம், ஸ்கூட்டருக்கு மாதம் 26 யூனிட்தான், ஆகவே செலவே இல்லை" என்று எழுதிவிடுவது. அந்த நூறு யூனிட்டை வீட்டு மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் எப்போதோ தின்றுவிட்டன. ஸ்கூட்டர் வீட்டுக்கு வந்த பிறகு கூடும் யூனிட்டுகள் ரசீதின் கடைசியில் போய்ச் சேரும். ஆகையால் அவற்றுக்கு அந்த வீட்டின் மிக உயர்ந்த படியின் விலையே பொருந்தும். மொத்தக் கட்டணத்தை மொத்த யூனிட்டால் வகுத்துச் சராசரி எடுப்பதும் இதே காரணத்தால் தவறு. சராசரியில் இலவச யூனிட்டுகளும் கலந்திருக்கின்றன.

இரண்டாவது தவறுதான் என்னைச் சிக்க வைத்தது. இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்து வந்த குறைந்த விலையும் போய்விடுகிறது. இதனால் மட்டும் ரசீதில் இருநூறு ரூபாய்க்கு மேல் கூடும்.

கணக்காகப் பார்ப்போம். மாதம் 750 கிலோமீட்டருக்கு 26.25 யூனிட், இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 52 யூனிட். ஏற்கெனவே 420 யூனிட் உபயோகிக்கும் வீட்டில் இது 472 ஆகும். கூடுதல் யூனிட் அனைத்தும் ஆறரை ரூபாய்ப் படிக்குள்ளேயே நிற்கும். மாதத்துக்கு ஏறத்தாழ 171 ரூபாய்.

480 யூனிட் உபயோகிக்கும் வீட்டில் அதே ஸ்கூட்டர், அதே ஓட்டம். மொத்தம் 532. முதல் 20 யூனிட் ஆறரை ரூபாயில் 130 ரூபாய். அடுத்த 32 யூனிட் எட்டரை ரூபாயில் 272 ரூபாய். குறைந்த விலை பறிபோனதில் இன்னொரு இருநூற்றுச் சொச்சம். இரண்டு மாதத்துக்கு 640 ரூபாய் அளவில் போகும். மாதத்துக்கு 320. ரசீதோடு வந்தவர் வீட்டில் நடந்தது இதுதான். அவர் வண்டி ஒரு யூனிட்கூட அதிகமாக இழுக்கவில்லை.

அப்படியிருந்தும் 320 ரூபாய் பெட்ரோல் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். உண்மையான எண்ணே விளம்பரத்துக்குப் போதுமானதாக இருந்தபோது, நூறு என்று எழுதி நான் சம்பாதித்தது ஒரு வாடிக்கையாளரின் கோபத்தை மட்டுமே.

வாடகை வீட்டில் இருப்பவர்களின் கணக்கு தனி. வீட்டு உரிமையாளர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்கினால், 26.25 யூனிட்டுக்கு 262 ரூபாய். நகரத்தில் பலருக்கு இதுதான் நடைமுறை. அடுக்குமாடிக் குடியிருப்பில் பொது இணைப்பிலிருந்து சார்ஜ் செய்பவர்களும் சங்கத்தில் என்ன விலை வாங்குகிறார்கள் என்று கேட்டே கணக்கிட வேண்டும். பொது சார்ஜிங் நிலையத்தையே நம்பியிருப்பவர்களுக்கு இந்த ஒப்பீட்டைக் காட்டவே கூடாது. அங்கே வீட்டு விலையைவிட அதிகம் ஆகும்.

5. எரிபொருள் கணக்கைப் போடுதல்

பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் அச்சுக்குக் கொடுக்கும் நாளின் விலையை உங்கள் ஊர்ப் பலகையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

750 கிலோமீட்டரை 45-ஆல் வகுத்தால் 16.67 லிட்டர். அதை 101-ஆல் பெருக்கினால் 1,683 ரூபாய். மின்சாரம் 26.25 யூனிட், ஆறரை ரூபாய் வீதம் 171 ரூபாய்.

முழு எண்ணாக மாற்றும்போது ஒரு விதியை நான் கடைப்பிடிக்கிறேன். பெட்ரோல் செலவைக் கீழ்நோக்கியும் மின் செலவை மேல்நோக்கியும் மாற்றுகிறேன். 1,683 என்பது 1,680 ஆகும். 171 என்பது 175 ஆகும். இதனால் விளம்பரத்தில் சொல்லும் மிச்சம் எப்போதும் உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். வாடிக்கையாளர் வீட்டில் உட்கார்ந்து போடும் கணக்கு நம் கணக்கைவிட அவருக்குச் சாதகமாக வரும்போது அவர் திரும்பி வந்து சண்டை போடுவதில்லை.

6. சர்வீஸ் செலவைச் சேர்த்தல்

பெட்ரோல் ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்ற வேண்டும், காற்று ஃபில்டர், ஸ்பார்க் பிளக் பார்க்க வேண்டும். மின் ஸ்கூட்டரில் இவை கிடையாது. ஆனால் பிரேக், டயர், பேரிங், சஸ்பென்ஷன் ஆகியவை இரண்டிலும் உண்டு. "பராமரிப்புச் செலவு பூஜ்யம்" என்று எழுதுவது அப்பட்டமான பொய்.

வருடத்துக்கு 9,000 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு எங்களிடம் இருந்த பில்களின்படி மூன்று சர்வீஸ், ஒவ்வொன்றும் 1,200 ரூபாய் அளவில். மாதத்துக்குப் பங்கிட்டால் 300 ரூபாய். மின் ஸ்கூட்டருக்கு இரண்டு சர்வீஸ், ஒவ்வொன்றும் 600 ரூபாய் அளவில். மாதத்துக்கு 100 ரூபாய். டயரும் பிரேக் கட்டைகளும் இரண்டுக்கும் பொது என்பதால் இரண்டு பக்கமும் விட்டுவிட்டேன். ஒரு பக்கம் விட்டு மறு பக்கம் சேர்த்தால் ஒப்பீடு கெட்டுவிடும். இலவச சர்வீஸ் காலத்தை வைத்து மின் ஸ்கூட்டருக்குப் பூஜ்யம் போடுவதும் இதே வகைப் பிழைதான். புதுப் பெட்ரோல் ஸ்கூட்டருக்கும் இலவச சர்வீஸ் உண்டு.

இன்சூரன்ஸை மாதச் செலவில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. 2022-இல் நிர்ணயிக்கப்பட்ட மூன்றாம் தரப்புப் பிரீமியம் 75 முதல் 150 சிசி வரையிலான பெட்ரோல் வண்டிக்கு வருடத்துக்கு 714 ரூபாய். 3 முதல் 7 கிலோவாட் வரையிலான மின் வண்டிக்கு 607 ரூபாய். மாதத்துக்கு ஒன்பது ரூபாய் வித்தியாசம். இதைப் பெரிதுபடுத்தினால், விலை கூடிய வண்டிக்குச் சொந்தச் சேதக் காப்பீட்டுக்குக் கூடுதலாகக் கட்டும் தொகையையும் சொல்ல வேண்டியிருக்கும்.

7. விலை வித்தியாசத்தை மறைக்காமல் சொல்லுதல்

மாத ஓட்டச் செலவைப் பற்றிய விளம்பரத்தில் வண்டி விலை எதற்கு என்று ஷோரூம்காரர்கள் கேட்பார்கள். கடனில் வாங்குபவருக்கு மாதத் தவணையும் மாதச் செலவுதான் என்பதே பதில்.

மின் ஸ்கூட்டர் சாலைக்கு வரும் விலையில் 25,000 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூடுதல் தொகைக்கு மட்டும், வருடத்துக்கு 11 சதவீதக் குறையும் வட்டியில், 36 மாதத் தவணை ஏறத்தாழ 820 ரூபாய் வரும். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மாத மிச்சம் 1,700 ரூபாய் என்பதால், தவணை போகவும் கையில் நிற்கும். நாளொன்றுக்கு 10 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கோ பெட்ரோல் 560 ரூபாய், மின்சாரம் 60 ரூபாய், மிச்சம் 500. சர்வீஸ் மிச்சத்தைச் சேர்த்தாலும் தவணை முடியும் வரை அவருக்குக் கைநஷ்டம்தான்.

இதை விளம்பரத்தில் எழுதச் சொன்னபோது ஒரு ஷோரூம் உரிமையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் குறைந்த தூரக்காரர் தவறான எதிர்பார்ப்போடு வாங்கிவிட்டு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, அந்த ஒரு வரி மலிவானது.

பேட்டரி உத்தரவாதத்தையும் தூரத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டும். 8 வருடம் அல்லது 80,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது என்று உத்தரவாதம் இருந்தால், வருடம் 9,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு வருடக் கணக்கு முதலில் முடியும். வருடம் 18,000 கிலோமீட்டர் ஓட்டும் டெலிவரி ஊழியருக்கு நாலரை வருடத்திலேயே முடிந்துவிடும். அவரிடம் "8 வருட உத்தரவாதம்" என்று மட்டும் சொல்வது பாதி உண்மை.

8. விளம்பரத்தை எழுதுதல்

இவ்வளவு கணக்குக்குப் பிறகு விளம்பரம் சிறியதாகவே இருக்க வேண்டும். எங்கள் நோட்டீஸில் கடைசியாக அச்சானது இது:

> தினம் 30 கி.மீ. ஓட்டுகிறீர்களா?
> பெட்ரோல் ஸ்கூட்டர்: பெட்ரோல் ரூ.1,680 + சர்வீஸ் ரூ.300 = மாதம் ரூ.1,980
> மின் ஸ்கூட்டர்: மின்சாரம் ரூ.175 + சர்வீஸ் ரூ.100 = மாதம் ரூ.275
>
> கணக்கு: மாதம் 750 கி.மீ.; பெட்ரோல் லிட்டர் ரூ.101, மைலேஜ் 45 கி.மீ.; கி.மீ.க்கு 0.035 யூனிட், யூனிட் ரூ.6.50. எங்கள் ஊர்ச் சாலையில் நாங்களே ஓட்டி அளந்தது.
> உங்கள் வீட்டு உபயோகம் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மின்சாரச் செலவு ரூ.320 அல்லது அதற்கு மேலும் ஆகலாம்.
> தினம் 10 கி.மீ.க்குள் ஓட்டுபவர்கள், வாங்கும் முன் விலை வித்தியாசத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். மின் கட்டண ரசீதைக் கொண்டு வந்தால் நாங்களே போட்டுத் தருகிறோம்.

கடைசி வரிதான் இந்த நோட்டீஸில் அதிகம் வேலை செய்தது. ரசீதோடு வந்தவர்கள் பேரம் பேசுவதற்குப் பதிலாகக் கணக்குப் பார்த்தார்கள்.

நிபந்தனைகளை எறும்பு எழுத்தில் அடியில் தள்ளக் கூடாது. தமிழில் வாக்குறுதி தந்துவிட்டு நிபந்தனையை ஆங்கிலத்தில் போடவும் கூடாது. தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள், பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பரத்தின் மொழியிலேயே இருக்க வேண்டும் என்கின்றன. பெரிய எழுத்தில் சொன்னதை அடிக்குறிப்பு மறுக்கவும் கூடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ், தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். சோதனையின்போது எழுதிய ஓடோமீட்டர் குறிப்புகளையும் பங்க் ரசீதுகளையும் ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

9. அச்சான பிறகு

நோட்டீஸின் அடியில் கணக்குப் போட்ட மாதத்தையும் வருடத்தையும் அச்சிட வேண்டும். பெட்ரோல் ஒரு ரூபாய் ஏறினாலோ இறங்கினாலோ இந்தக் கணக்கில் மாதத்துக்கு 17 ரூபாய்தான் மாறும். அதற்காக ஃபிளெக்ஸை இறக்க வேண்டியதில்லை. ஐந்து ரூபாய் மாறினால் மாற்றிவிடலாம். மின் கட்டணம் 2023-லும் 2024-லும் ஜூலை மாதத்தில் மாறியது. ஆகவே ஜூலை முதல் வாரத்தில் அட்டவணையை ஒரு முறை எடுத்து, ஆறரை ரூபாய்ப் படியும் 500 யூனிட் எல்லையும் அப்படியே இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அடுத்த ஆயிரம் நோட்டீஸை அச்சுக்குக் கொடுக்கிறேன்.